ஐந்து சீட்டில் ‘ட’ வருமா: எண்ணிப் பார்ப்பதா, எடுத்துப் பார்ப்பதா?

ஐந்து பேருக்கு ஆளுக்கொன்றாக க, ச, ட, த, ப என்று ஐந்து சீட்டு எழுதிக் குலுக்குகிறோம். எடுத்ததைத் திருப்பிப் போடாமல் இரண்டு எடுக்கிறோம். எந்த ஜோடிக்கும் ஒரே வாய்ப்பு என்றால் அது எளிய சமவாய்ப்புக் கூறெடுப்பு. மொத்தம் N பேரில் n பேர் கொண்ட கூறு எடுத்தால், அதில் ‘ட’ இருப்பதற்கான நிகழ்தகவு n/N, இங்கே 2/5. இதைத் தருவிக்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, எண்ணுவது. வரக்கூடிய ஜோடிகள் பத்துதான்: கச, கட, கத, கப, சட, சத, சப, டத, டப, தப. இவற்றில் ‘ட’ உள்ளவை கட, சட, டத, டப என நான்கு. 4/10, அதாவது 2/5. பொதுவாகச் சொன்னால், ‘ட’வை உள்ளே வைத்துவிட்டு மீதி N−1 பேரில் n−1 பேரைத் தேர்ந்தெடுக்கிறோம், அந்த எண்ணிக்கையை மொத்தக் கூறுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் n/N மிஞ்சும். தப்பு நேர இடமே இல்லாத வழி. ஆனால் விடை ஏன் இவ்வளவு எளிதாக வருகிறது என்பதை இது சொல்லாது.

இரண்டாவது வழி அதைச் சொல்லும். முதல் எடுப்பில் ‘ட’ வர 1/5. இரண்டாவது எடுப்பில் வர, முதலில் வராமல் தப்பியிருக்க வேண்டும்: 4/5 × 1/4. நான்கும் நான்கும் அடிபட்டு மறுபடி 1/5! எத்தனையாவது எடுப்பானாலும் இப்படியே அடிபட்டு 1/N நிற்கும். ஒரே சீட்டு இரண்டு முறை வராது என்பதால் அவற்றைக் கூட்டலாம்: 2/5.

வழுக்கும் இடமும் இங்கேதான். இரண்டாவது முறை நான்கு சீட்டுதானே என்று 1/5 + 1/4 = 9/20 என எழுதுபவர்கள் நிறைய; நானும் எழுதியிருக்கிறேன். பிடிக்க ஒரு சோதனை உண்டு. ஐந்து பேரின் நிகழ்தகவையும் கூட்டினால் கூறின் அளவான 2 வர வேண்டும். 9/20 × 5 = 2.25, அதனால் தப்பு.

சரி, சீட்டைத் திருப்பிப் போட்டு எடுத்தால்? ‘ட’ ஒருமுறையாவது வர 1 − (4/5)² = 9/25. ஐந்தால் பெருக்கினால் 1.8. இது தப்பல்ல. ஐந்தில் ஒருமுறை அதே சீட்டு மறுபடி வரும், அப்போது கையில் ஒரே ஆள்தான். வெவ்வேறு ஆட்களின் சராசரி 2 − 0.2.

தருவிக்க எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி, சரிபார்க்க முதலாவது. ஆனால் 2/5 வந்ததாலேயே எளிய சமவாய்ப்புக் கூறு என்று முடிவு கட்டக் கூடாது. சீட்டுகளை வட்டமாக அடுக்கி, பக்கத்துப் பக்கத்து ஜோடிகளான கச, சட, டத, தப, பக இவற்றில் ஒன்றைக் குலுக்கி எடுத்தாலும் ‘ட’வுக்கு 2/5தான். ஆனால் ‘கட’ ஒருநாளும் வராது. உண்மையான குலுக்கலில் அதற்கு 1/10 உண்டு.