மாத்திரையா, ஊசியா: ஆண்குறி விறைப்புக்கு இரண்டு வேதிவழிகள்

சில்டெனாபில் மாத்திரையைப் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் செய்தி பார்த்தபடி காத்திருந்து, "ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. அதே ஆள் ஆல்ப்ரோஸ்டாடில் ஊசி போட்டிருந்தால், செய்தி பார்த்துக்கொண்டிருந்தாலும் விறைப்பு வந்திருக்கும். இரண்டும் வேலை செய்யும் இடமே வேறு.

சாதாரண நேரத்தில் ஆண்குறித் தமனிகளின் தசை இறுகியே இருக்கும். பாலுணர்வு எழும்போது நரம்பு முனைகள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன. ரத்த ஓட்டம் கூடியதும் ரத்தக்குழாயின் உள்சுவரும் அதைச் சுரக்கிறது. இந்த வாயு தசைச் செல்லுக்குள் நுழைந்து ஒரு நொதியை முடுக்க, சுழல் ஜிஎம்பி என்ற தூதுப்பொருள் உருவாகிறது. அது செல்லுக்குள் கால்சியத்தைக் குறைக்கிறது. கால்சியம் குறைந்தால் தசை தளரும், தமனி விரியும், பஞ்சுபோன்ற திசுவில் ரத்தம் நிறையும். புடைத்த திசு சிரைகளை நசுக்குவதால் அந்த ரத்தம் எளிதில் வெளியேறாது.

பிடிஇ5 என்ற இன்னொரு நொதி சுழல் ஜிஎம்பியைச் சிதைத்துக்கொண்டே இருக்கிறது. மாத்திரை தடுப்பது இதை மட்டும்தான். தூதுப்பொருளை அது உருவாக்குவதில்லை. குழாயைத் திறக்காமல் தொட்டியின் அடியை மட்டும் அடைத்தால் தண்ணீர் எப்படி நிறையும்? தூண்டல்தான் அந்தக் குழாய்.

ஆல்ப்ரோஸ்டாடில் நைட்ரிக் ஆக்சைடுக்காகக் காத்திருப்பதில்லை. ஆண்குறியின் பக்கவாட்டில் ஊசியால் செலுத்தியதும் தசைச் செல்லின் ஏற்பியில் நேரடியாக ஒட்டிக்கொள்கிறது. சுழல் ஏஎம்பி என்ற வேறொரு தூதுப்பொருள் உருவாகி, அதுவும் கால்சியத்தைக் குறைக்கிறது. பெரும்பாலும் 5 முதல் 20 நிமிடத்தில் பலன் தெரியும்.

புராஸ்டேட் புற்றுநோய் அறுவையில் இருபுற விறைப்பு நரம்புகளையும் இழந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆசை இருக்கிறது, துணையின் தொடுதலும் இருக்கிறது, 100 மில்லிகிராம் சில்டெனாபிலும் போட்டாயிற்று. ஆனாலும் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட நரம்பு இல்லை, எனவே சிதையாமல் மாத்திரை காப்பாற்றுவதற்குப் போதிய சுழல் ஜிஎம்பியும் இல்லை. இவருக்கு ஊசி பலனளிக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஊசிக்கும் சரியாக விறைக்கவில்லை என்றால், தமனி அடைப்பையோ சிரைக் கசிவையோ சந்தேகிக்க வேண்டும்.

நரம்பு நலமாக உள்ளவருக்கு மாத்திரைதான் முதல் தேர்வு என்பேன். ஆசை தணிந்தால் விறைப்பும் தணிந்துவிடும் என்பது அதன் பெரிய பாதுகாப்பு. ஊசியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. வலி வரலாம். விறைப்பு 4 மணி நேரம் தாண்டினால் உடனே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். அதனால் முதல் ஊசியும் அளவு நிர்ணயமும் மருத்துவர் முன்னிலையில்தான் நடக்க வேண்டும். அப்புறம், மாத்திரை தோற்றது என்று முடிவு கட்டுமுன், கொழுப்பு மிகுந்த சாப்பாடு இல்லாமல், ஒரு மணி நேரம் விட்டு, போதிய தூண்டலோடு பல முறை முயன்றோமா என்று பாருங்கள்.

நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் சில்டெனாபிலைத் தொடவே கூடாது. நைட்ரேட் உடல் முழுக்கச் சுழல் ஜிஎம்பியைக் கூட்டுகிறது, மாத்திரை அது சிதையாமல் தடுக்கிறது. ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகச் சரியும்.