நான் குடிக்கிறதில்ல: பார்ட்டிக்கு முன்னமே யாரிடம், எப்படிச் சொல்வது?

வருட முடிவு, யாருக்காவது இடமாற்றம், பெரிய வேலை ஒன்று முடிந்த சந்தோஷம் என்று ஏதோவொரு காரணத்துக்கு மட்டக்களப்பில் ஒரு அலுவலகக் குழு வெளியே கிளம்பினால், பெரும்பாலும் பாசிக்குடாப் பக்கம் ஒரு ஹோட்டல்தான். அம்பாறைக் கரையோரத்தில் வேலை செய்கிறவர்கள் அறுகம்பைக்குப் போவார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் திகதி முடிவானதும் அடுத்த பேச்சு காசு. குடிக்காத ஒருவருக்குச் சிக்கல் தொடங்குவது அங்கேதான். பார்ட்டி அன்று இரவு கிளாஸை நீட்டும்போது வருவது அதன் கடைசிக் கட்டம்.

இதைச் சொல்ல நம்மவர்கள் வழமையாக நான்கு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். ஒன்றும் சொல்லாமல் போய் கையில் கோக் கிளாஸோடு சமாளிப்பது, மருந்து, விரதம், வாகனம் என்று ஒரு காரணம் சொல்வது, குரூப்பில் எல்லோருக்குமாக அறிவிப்பது, காசு சேர்க்கிறவரிடம் மட்டும் தனியாக ஒரு வரி சொல்வது. என் தெரிவு நாலாவது. மற்ற மூன்றும் எங்கே உதவும், எங்கே காலை வாரும் என்று பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

முதலில் அந்தக் காசுக் கணக்கு. ஹோட்டலில் போத்தல் விலை கூட என்பதால் பல குழுக்கள் வெளியில் வாங்கிக் கொண்டுபோய், சோடா, ஐஸ், பைட்ஸ் மட்டும் அங்கே எடுக்கும். சில இடங்களில் அதற்குக் கோர்க்கேஜ் என்று தனியாக அறவிடுவார்கள். உதாரணத்துக்கு 12 பேர் என்று வைப்போம். தலைக்கு 2,000 ரூபா படி 24,000 ரூபாவுக்குச் சாராயமும் பியரும் வாங்கியாகிவிட்டது. அங்கே போன பிறகுதான் நாலு பேர் தொடவே இல்லை என்று தெரிகிறது. அந்த நாலு பேரும் சும்மா 2,000 கொடுத்தவர்கள் ஆகிறார்கள், இல்லையென்றால் மீதி எட்டுப் பேர் தலைக்கு 3,000 கட்ட வேண்டும். எப்படிப் பிரித்தாலும் யாருக்காவது மனம் நோகும், யாரும் வாய் திறக்கவும் மாட்டார்கள். இதே விஷயம் வாங்குவதற்கு முன்னமே தெரிந்திருந்தால் எட்டுப் பேருக்கு 16,000 ரூபாவுக்கு வாங்குவார்கள், தலைக்கு அதே 2,000. பிந்திச் சொன்னால் சுமை ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாறும், அவ்வளவுதான். முந்திச் சொன்னால் வாங்குகிற அளவே குறைகிறது. அதனால் எப்போது சொல்வது என்ற கேள்விக்கு என் பதில், போத்தல் வாங்கப் போகிறவர் கிளம்புவதற்கு முன். பார்ட்டி நாளே போயா என்றால் இன்னும் முந்த வேண்டும், ஏனென்றால் போயா தினத்தில் கடையும் திறக்காது, ஹோட்டல் பாரிலும் விற்கமாட்டார்கள், ஆகவே வாங்குகிற வேலை எல்லாம் முன்னுக்கே முடிந்துவிடும்.

இப்போது ஒன்றும் சொல்லாமல் போகிற வழி. இதில் ஒரு வசதி இருக்கிறது, மறுக்க முடியாது. கோக் ஊற்றிய கிளாஸும் சாராயத்தில் கோக் கலந்த கிளாஸும் தூரத்திலிருந்து ஒரே நிறம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அதே காரணத்தால்தான் இது கவிழும். அரைவாசி வெறியில் இருக்கிற நண்பர் உங்கள் கிளாஸ் குறைந்திருப்பதைப் பார்த்து, பாசத்தில் போத்தலைச் சரித்து ஊற்றிவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்குத் தெரியாதே. இந்த வழியில் போவதென்றால் கிளாஸை விட்டுவிட்டு நெக்டோவோ ஜிஞ்சர் பியரோ போத்தலோடு வைத்துக் குடியுங்கள், லேபல் வெளியே தெரியட்டும். இன்னொன்று, நம் ஊர் சின்ன ஊர். "அவனும் அண்டைக்கு எங்களோட அடிச்சவன்" என்று யாராவது சாதாரணமாகச் சொன்னது இரண்டு நாளில் ஆரையம்பதியில் இருக்கிற மாமி வழியாக வீட்டுக்கு வந்து சேரும். குடிக்காமலே குடித்தவர் என்ற பெயர் வரும், அதைத் திருத்தப் போனால் கூட இருந்தவர்களைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும்.

காரணம் சொல்கிற வழி ஒரே ஒரு இரவுக்கு நன்றாக வேலை செய்யும், பிறகு காலாவதியாகிவிடும். மருந்து எடுக்கிறேன் என்றால் என்ன வருத்தம் என்று அக்கறையாகக் கேட்பார்கள், அக்கறையாகக் கேட்கிறவரிடம் இரண்டாவது பொய்யும் சொல்ல வேண்டி வரும். விரதம் என்றால் அடுத்த பார்ட்டியை விரதம் முடிகிற கிழமையில் வைப்பார்கள், உங்களுக்காகவே. வாகனம் ஓட்ட வேண்டும் என்பது இவற்றுள் மரியாதையானது, உண்மையாக ஓட்டுவதென்றால் அதைவிட நல்ல காரணம் கிடையாது. ஆனால் குழு பெரிதென்றால் வான் பிடிப்பார்கள், வானுக்கு சாரதி இருப்பார். வான் இல்லாத குழுவில் இதைச் சொன்னால் வேறு கதை: பாசிக்குடாவிலிருந்து நகரத்துக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல், அந்த வேலை ஒவ்வொரு முறையும் உங்கள் தலையில் எழுதப்பட்டுவிடும். எல்லாக் காரணத்துக்கும் பொதுவான ஒரு கோளாறும் உண்டு. காரணம் நீங்கினால் குடிப்பீர்கள் என்ற நம்பிக்கையை அது மற்றவருக்குக் கொடுக்கிறது. ஆகவே அவர்கள் வற்புறுத்துவதில்லை, காரணத்தை நீக்க உதவி செய்கிறார்கள்.

குரூப்பில் அறிவிப்பது நேர்மையான வழி, ஐந்து ஆறு பேர் மட்டும் இருக்கிற, ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்த குழுவுக்குச் சரியும் வரும். இருபது பேர் இருக்கிற குரூப்பில் அது ஒரு விவாதத்தைத் திறந்துவிடுகிறது. ஒருவர் ஸ்டிக்கர் போடுவார், ஒருவர் "சாமியார்" என்பார், நல்ல மனதோடு ஒருவர் "தம்பியப் பார்த்துப் படியுங்கடா" என்று எழுதுவார், அதுதான் எல்லாவற்றிலும் மோசம். அந்த ஒரு வரியோடு நீங்கள் விரும்பாமலே மற்றவர்களுக்கு உபதேசம் செய்தவர் ஆகிவிடுகிறீர்கள். எனக்கு இதைவிடப் பெரிய கவலை, அந்தக் குரூப்பில் பேசாமல் இருக்கிறவரைப் பற்றியது. கொஞ்ச நாளாக விட முயற்சி செய்துகொண்டிருக்கிற ஒரு அண்ணன் இருக்கலாம், வீட்டுப் பிரச்சினை யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைக்கிறவர் இருக்கலாம். ஒருவர் பகிரங்கமாகச் சொன்னதும் "நீங்களும் சொல்லுங்க பார்ப்பம்" என்று பேச்சு அவர் பக்கம் திரும்பும்.

மதக் கணக்கும் இதற்குள் வரும். நம் பகுதிக் குழுக்களில் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்தே இருக்கிறார்கள், சில இடங்களில் சிங்களவரும். முஸ்லிம் நண்பரிடம் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, அவருக்கு ஜிஞ்சர் பியர் தானாக வரும். பெண்களிடமும் அநேகமாகக் கேட்பதில்லை. கேள்வி எல்லாம் தமிழ் இளைஞனுக்குத்தான், "ஏன் மச்சான், என்ன பிரச்சினை" என்று. அதற்காக "நானும் றிஸ்வான் நாநாவோட இருக்கிறன்" என்று அவர் பின்னால் ஒளிவது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் நம்பிக்கை உங்களுக்குக் கேடயம் ஆகக்கூடாது.

நாலாவது வழி இதுதான். காசு சேர்க்கிறவருக்குத் தனியாக இப்படி ஒரு வொய்ஸ் நோட்டோ மெசேஜோ:

"அண்ணன், நான் கட்டாயம் வாறன், சாப்பாட்டுக் கணக்குல என்னையும் சேருங்க. நான் குடிக்கிறதில்ல, போத்தல் கணக்குல மட்டும் என்ட பேரப் போடாதீங்க. ஜிஞ்சர் பியர் பெரிய போத்தல் ரெண்டு கூட எடுத்தீங்கண்டா காணும், அதுக்குக் காசு நான் தாறன். ஐஸும் நான் கொண்டு வாறன்."

இதற்கு வருகிற பதில் அநேகமாக "ஓம் தம்பி சரி, ஐஸ் ரெண்டு பை கொண்டு வா" என்பதாகத்தான் இருக்கும். ஏன் என்று கேட்க அவருக்கு நேரமில்லை, அவருக்கு அது ஒரு கணக்கு விவரம். முதல் வார்த்தையே வருகிறேன் என்பதால் ஒதுங்குகிறார் என்ற எண்ணம் வராது. ஐஸ் கொண்டு வருகிறவர் பார்ட்டிக்கு வெளியே நிற்கிறவராக யாருக்கும் தெரியமாட்டார்.

அந்த மெசேஜில் இருக்கக்கூடாத சிலவும் உண்டு. "எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்ல" என்று நம்மில் பலர் யோசிக்காமல் சொல்வோம், கேட்கிறவர் காதில் அது உனக்கு இருக்கிறது என்று விழும். உடம்புக்குக் கூடாது என்பதும் அப்படித்தான். மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், மன்னிப்புக் கேட்டால் சமாதானம் சொல்ல வருவார்கள், "ஒரு பெக்தானே" என்று. "இண்டைக்கு வேணாம்" என்பது நாளைக்குக் கதவைத் திறந்து வைக்கிறது. "குடிக்கிறதில்ல" என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

காசு சேர்க்கிறவர் நீங்களே என்றால் இன்னும் லேசு. வாட்ஸ்அப்பில் யார் குடிப்பீர்கள் என்று வாக்கெடுப்பு வைக்காதீர்கள், யார் எதற்கு வாக்குப் போட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். அவரவரிடம் தனித்தனியாக "என்ன எடுக்கிற, பியரா, சாராயமா, நெக்டோவா, இளநீரா" என்று கேட்டால் போதும்.

இந்த வழி தவறுகிற இடம் இரண்டு. ஒன்று, சொல்லியும் மறந்துவிடுவார். மேசையில் சோடாவும் கோக்கும் மட்டும் கலப்பதற்கு அளவாக இருந்தால் மறந்துவிட்டார் என்று அர்த்தம், அதனால் போகிற வழியில் நீங்களே இரண்டு போத்தல் எடுத்துப் பையில் வையுங்கள். மற்றது கடினமானது, கொழும்பிலிருந்து வந்த பெரியவர் தன் கையாலேயே ஊற்றி நீட்டுவது. அந்த நேரத்தில் காசு சேர்த்த அண்ணன் பக்கத்தில் இருந்தால் "சேர், இவருக்கு ஜிஞ்சர் பியர், நான் எடுத்து வச்சிருக்கிறன்" என்று அவரே சொல்வார், முன்னமே தெரிந்தபடியால். ஊற்றிக் கொடுக்கிறதில் முன்னுக்கு நிற்பவரே அந்த அண்ணன்தான் என்றால் அவரிடம் கணக்கை மட்டும் சொல்லிவிட்டு, குழுவில் எல்லோரும் மதிக்கிற ஒரு அக்காவிடமோ மூத்தவரிடமோ அதே வரியைச் சொல்லி வையுங்கள், இரவில் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருங்கள்.