போனஸ் பட்டியலை வாசிக்காமலே நிரப்பித் தருகிற ஆட்கள்: கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் கணக்கு வேலை எடுப்பவர்கள் பாருங்கள்

இந்தியக் கம்பனிகளின் சம்பளச் சரிபார்ப்பு வேலையை வீட்டிலிருந்தோ சின்ன அலுவலகம் வைத்தோ செய்கிறவர்கள் இப்போது வன்னியில் கொஞ்சப் பேர் இருக்கிறோம். வேலை கூடினால் ஒரு பகுதியை வெளியே கொடுக்க வேண்டி வரும். அப்படிக் கொடுத்த இடத்தில் நான் காசும் இழந்து, வாடிக்கையாளரிடம் பேச்சும் வாங்கினேன். ஆளின் பெயரைப் போடவில்லை, போட்டாலும் நாளைக்கு வேறு பெயரில் வருவார். எப்படிப்பட்ட வேலையைத் தந்தார், அதை எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதைத்தான் விவரமாக எழுதுகிறேன்.

வேலை இதுதான். தமிழ்நாட்டில் ஒரு நூற்பாலை, 2023-24 கணக்காண்டுக்கான போனஸ் பட்டியல், 412 பேர், எல்லாம் ஸ்கேன் செய்த பீடிஎப். ஒவ்வொருவருக்கும் போனஸ் எந்தத் தொகையை அடிப்படையாக வைத்துக் கணக்கிடப்பட்டது, அவர் சம்பள உச்சவரம்புக்குள் வருகிறாரா, காசு எந்தத் தேதியில் கொடுபட்டது என்ற மூன்றையும் எடுத்து எக்செலில் போட்டுத் தர வேண்டும். அதை வைத்து நான் சம்பளப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். இரண்டு பேர் தனித்தனியாக வாசித்து ஒப்பிட்டுத்தான் தருவோம் என்று சொல்லி அந்த ஆள் பாதிக் காசை முற்பணமாக வாங்கினார்.

சொன்ன நாளுக்கு முதலே கோப்பு வந்துவிட்டது. பார்க்க அவ்வளவு சுத்தம். உச்சவரம்பு என்ற நிரலில் மேலிருந்து கீழ்வரை 21,000. கணக்கீட்டு அடிப்படை என்ற நிரலில் மேலிருந்து கீழ்வரை 7,000. கொடுபட்ட தேதி 412 பேருக்கும் 30-11-2024.

இந்தியச் சட்டம் தெரியாதவர்களுக்கு இது சரியான கோப்பு மாதிரித்தான் தெரியும், ஏனென்றால் மூன்றும் சட்டத்தில் இருக்கிற விஷயங்கள். நம்மூரில் தனியார் துறை போனஸ் பெரும்பாலும் முதலாளியின் விருப்பம், இல்லாவிட்டால் ஒப்பந்தம். அதனால் எங்களில் பலருக்கு இந்தக் கணக்குப் பழக்கமில்லை. கொஞ்சம் விளக்குகிறேன்.

இந்தியாவில் அந்த 2023-24 கணக்குக்குப் பொருந்துவது 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம். அதில் இரண்டு வரம்புகள் இருக்கின்றன, இரண்டும் வெவ்வேறு வேலைக்கு. முதலாவது, யாருக்குப் போனஸ் உரிமை என்று சொல்கிற வரம்பு: அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் போகாதவர்களுக்கு. வீட்டு வாடகைப்படி, ஓவர்டைம் எல்லாம் இதில் சேராது. அதனால் கையில் மொத்தமாக 23,000 வாங்குகிறவர்கூட, அடிப்படையும் பஞ்சப்படியும் 18,500தான் என்றால் உள்ளே வருவார். இரண்டாவது, போனஸை எந்தத் தொகைக்குக் கணக்கிடுவது என்ற வரம்பு: 7,000 ரூபாய், அல்லது அந்த வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம், இரண்டில் எது கூடவோ அது. 2015இல் வந்த திருத்தத்துக்கு முன் இந்த வரம்புகள் 10,000, 3,500 என்று இருந்தன.

அந்த "எது கூடவோ அது" என்ற பகுதிதான் எல்லாம். இன்று தமிழ்நாட்டு ஆலைகளில் குறைந்தபட்ச ஊதியம் 7,000 ரூபாயைத் தாண்டித்தான் இருக்கும். எனவே 7,000 என்ற எண் நடைமுறையில் வருவது அபூர்வம். வேலைப் பிரிவுக்குப் பிரிவு குறைந்தபட்ச ஊதியமும் வேறுபடும். இந்த ஆலை பட்டியலின் முதல் பக்க அடிக்குறிப்பிலேயே ஒவ்வொரு பிரிவுக்கும் எந்தத் தொகை என்று அச்சடித்து வைத்திருந்தது. அதை ஒருதரம் வாசித்திருந்தால் போதும். வாசிக்கவில்லை, இணையத்தில் தேடி முதலில் கிடைத்த எண்ணைப் போட்டு இழுத்துவிட்டார்கள்.

எண்ணை வட்டமாக்கிச் சொல்கிறேன். ஒரு பிரிவுக்கு அடிக்குறிப்பில் 12,000 என்று வையுங்கள். ஒரு தொழிலாளியின் அடிப்படையும் பஞ்சப்படியும் 16,500. வருடம் முழுக்க வேலை. ஆலை கொடுத்தது சட்டம் சொல்லும் குறைந்தபட்ச வீதமான 8.33 சதவீதம். 16,500 என்பது 12,000ஐத் தாண்டுவதால் 12,000க்குத்தான் கணக்கு: பன்னிரண்டு மாதத்துக்கு 1,44,000, அதில் 8.33 சதவீதம் 11,995.20. பட்டியலில் இருப்பதும் அதுதான். அவர்கள் தந்த கோப்பின்படி பார்த்தால் 6,997.20தான் வர வேண்டும், அப்போ ஆலை ஐயாயிரத்துக்குக் கிட்ட அதிகமாகக் கொடுத்துவிட்டது என்று ஆகும். நான் அப்படியே அறிக்கை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஃபோன் எடுத்துக் கேட்டேன். தம்பி துளியும் தடுமாறவில்லை. "அக்கா, நீங்கள் ஐம்பத்து மூன்றாவது வரியைப் பாருங்கோ, எங்கட கணக்கு சதம் பிசகாமல் வருது" என்றார். பார்த்தேன். உண்மையாகவே பட்டியலில் அந்த ஆளுக்கு 6,997.20 இருந்தது. ஒரு நிமிடம் எனக்கே தலை சுற்றியது.

பிறகு வேலை செய்த நாட்கள் என்ற நிரலைப் பார்த்தேன். அவர் 2023 செப்டெம்பர் முதலாம் தேதி சேர்ந்தவர். மார்ச் வரை ஏழு மாதம். ஏழு மாதத்துக்கு 12,000 என்றால் 84,000. பன்னிரண்டு மாதத்துக்கு 7,000 என்றாலும் 84,000! தற்செயலாக ஒரே தொகை. அந்த ஒரு வரியைத் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டு எனக்குக் காட்டுகிறார். மற்ற முழு வருட ஆட்களில் ஒருவருக்கும் பொருந்தவில்லை என்று சொன்னதும், "அது ஆலை விட்ட பிழையா இருக்கும்" என்றார்.

ஆகவே தொகை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். நான் இப்போது செய்வது, பட்டியலில் உள்ள போனஸ் தொகையிலிருந்து அடிப்படையைப் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பார்ப்பது. G நிரலில் வேலை செய்த மாதங்கள், H நிரலில் கழிவுக்கு முந்தைய போனஸ் என்றால்:

```
=ROUND(H2/(G2*8.33%),0)
```

ஏழு மாதக்காரருக்கும் பன்னிரண்டு மாதக்காரருக்கும் 12,000 என்றே வரும். ஒரு பிரிவில் எல்லோருக்கும் அடிக்குறிப்பில் உள்ள அதே தொகை வந்தால் நல்லது. குறைவாக வந்தால் அவருடைய உண்மைச் சம்பளமே அதைவிடக் குறைவா, அல்லது சம்பளமில்லா லீவு அதிகமா என்று பார்க்க வேண்டும். கூட வந்தால் பிரிவு மாறியிருக்கலாம். இரண்டு விஷயத்தில் கவனம். வீதத்தைப் பட்டியலிலிருந்தே எடுங்கள், சட்டம் 20 சதவீதம் வரை அனுமதிக்கிறது, பல ஆலைகள் 8.33ஐ விடக் கூடத்தான் கொடுக்கின்றன. அடுத்தது, கழிவுக்குப் பிந்தைய தொகையை H நிரலில் போட்டுவிடாதீர்கள். பொங்கலுக்கு 3,000 முன்பணம் வாங்கியவருக்குக் கையில் கிடைத்தது 8,995.20, அதை வகுத்தால் 9,000க்குக் கிட்ட ஒரு அர்த்தமில்லாத எண் வரும். முன்பணக் கழிவுக்குப் பட்டியலில் தனி நிரல் இருக்கும்.

21,000 நிரலிலும் இதே கதைதான். இரண்டு மேற்பார்வையாளர்களின் அடிப்படையும் பஞ்சப்படியும் 22,400. அவர்களுக்கு எதிரே குறிப்பு நிரலில் எக்ஸ்-கிரேஷியா என்று எழுதியிருந்தது, அதாவது சட்டப்படி உரிமை இல்லை, ஆலை தன் விருப்பத்துக்குக் கொடுத்தது. எங்கள் ஆள் அனுப்பிய கோப்பில் அவர்களும் "உரிமை உண்டு" என்றே இருந்தார்கள், குறிப்பு நிரலே காணாமல் போயிருந்தது. வரம்பு என்று ஒரே எண்ணை 412 தடவை எழுதுவதால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. ஒவ்வொருவரின் சம்பளத்தையும் எடுத்து அதற்குப் பக்கத்தில் உள்ளே, வெளியே என்று போட வேண்டும்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது தேதி நிரலில். கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் போனஸ் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 2024 மார்ச் 31இல் முடிந்த ஆண்டுக்கு அது நவம்பர் 30. அவர்கள் போட்டது அந்தக் கடைசித் தேதியை! கொடுபட்ட தேதி பட்டியலின் கடைசிப் பக்கம் கையெழுத்துக்குப் பக்கத்தில் கையால் எழுதியிருக்கிறது, ஸ்கேனில் கொஞ்சம் மங்கல், வாசிக்கக் கஷ்டம், அவ்வளவுதான். நானே உட்கார்ந்து வாசித்தேன். தீபாவளி ஒக்டோபர் 31 என்பதால் பெரும்பாலானோருக்கு ஒக்டோபர் 25, சிலருக்கு 28. வேலையை விட்டுப்போன ஒன்பது பேருக்கு மட்டும் டிசெம்பர் 13.

அந்த ஒன்பதும்தான் இந்தச் சரிபார்ப்பில் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமே. கெடு தாண்டிக் கொடுத்திருக்கிறார்கள், காரணம் கேட்க வேண்டும். அவர்கள் நிரப்பிய தேதியை நம்பியிருந்தால் எல்லோருக்கும் சரியாகக் கடைசி நாளில் கொடுபட்டது என்று என் அறிக்கை சொல்லியிருக்கும். பிழையான எண் என்றால் எங்கேயாவது இடிக்கும், பிடிபடும். சட்டத்துக்குச் சரியாகப் பொருந்துகிற பொய்த் தேதி பிடிபடாது.

திருத்தித் தரச் சொன்னதற்கு, "நீங்கள் கையெழுத்துப் பக்கத்தைப் பற்றிச் சொல்லேல்லையே அக்கா" என்ற பதில். கொடுத்த மூன்று நிரலில் ஒன்று கொடுபட்ட தேதி என்று வட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பியிருந்தேன், அதைப் படம் எடுத்து அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. முற்பணம் போனது போனதுதான். மிச்சக் காசை நான் கொடுக்கவில்லை. வாடிக்கையாளருக்கு அறிக்கை பிந்தியது, அந்தப் பிந்தலுக்கு அவர்கள் கழித்த தொகையும் என் தலையில்.

ஆள் இப்போதும் வேலை எடுக்கிறார் என்று கேள்வி. உங்களிடம் இப்படி யாராவது வந்தால், முற்பணத்துக்கு முன் பட்டியலின் நடுவிலிருந்து ஒரு பக்கத்தையும் முதல் பக்க அடிக்குறிப்பையும் தேதி எழுதிய கடைசிப் பக்கத்தையும் மட்டும் பெயர், தகப்பன் பெயர், வங்கிக் கணக்கு எல்லாம் மறைத்துக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். இடையில் சேர்ந்தவர் ஒருவரும், 21,000க்கு மேற்பட்டவர் ஒருவரும், பிந்திக் காசு வாங்கியவர் ஒருவரும் இருக்கிற பக்கமாகப் பார்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் எந்தப் பக்கத்தில், எந்த வரியில் எடுத்தது என்று தனி நிரல் கேளுங்கள். வாசிக்க முடியாத இடத்தை வெறுமையாக விட்டு "தெளிவில்லை" என்று எழுதச் சொல்லுங்கள். திரும்பி வருகிற கோப்பில் ஒரு வெற்றிடம்கூட இல்லாமல், மங்கலான ஸ்கேன் முழுக்க அழகாக நிரம்பியிருந்தால் அங்கேயே கதையை முடித்துவிடுங்கள்.