16 ஆம்பியர் சாக்கெட்டில் தினமும் கார் சார்ஜ்: ஒரு வருடத்துக்குப் பின் எதைப் பார்க்க வேண்டும்

காருடன் வரும் 3.3 கிலோவாட் போர்ட்டபிள் சார்ஜர் 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கீசர் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும், ஏசி விட்டுவிட்டு ஓடும். கார் மட்டும்தான் ராத்திரி முழுக்க, ஏழெட்டு மணி நேரம் ஒரே மாதிரி இழுக்கிறது. சாதாரண சாக்கெட் சோர்ந்துபோவது இங்கேதான்.

முதல் சில மாதம் எதுவும் தெரியாது. தினமும் சூடாகி ஆறுவதில் சாக்கெட்டின் பித்தளைப் பிடி தளரும், டெர்மினல் ஸ்க்ரூவும் இளகும். அந்த இடத்தில் 0.1 ஓம் தடை சேர்ந்தாலே 14 × 14 × 0.1, சுமார் 20 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் பிளக்குக்குள் எரிகிற மாதிரி. எம்சிபி விழாது, ஏனென்றால் ஆம்பியர் கூடவில்லை. "எம்சிபி இருக்கு, பயமில்லை" என்பது இங்கே செல்லாது.

சார்ஜ் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் வெளிப்பக்கத்தைப் புறங்கையால் தொடுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாவிட்டால், முள்ளைச் சுற்றிப் பழுப்பு நிறம் ஏறியிருந்தால், மீன் நாற்றம் மாதிரி வாடை வந்தால், சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கருகிய முள் புது சாக்கெட்டையும் கெடுக்கும். அதுவரை அவசரத்துக்கு சார்ஜரில் 10 ஆம்பியர் வைத்தால் சூடு பாதியாகும். நிரந்தரத்துக்கு நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டோ சுவரில் பொருத்தும் சார்ஜரோதான் சரி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

அபார்ட்மென்டில் மீட்டர் அறையிலிருந்து பார்க்கிங் வரை 40 மீட்டர் என்று வையுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 8 வோல்ட்டுக்கு மேல் விழும், 4 சதுர மில்லிமீட்டரில் ஐந்து வோல்ட் சொச்சம். தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் வயர், 20 ஆம்பியர் எம்சிபி, மின்கசிவு வந்தால் லைனை வெட்டும் 30 மில்லியாம்பியர் ஏ டைப் ஆர்சிசிபி போடுங்கள். பார்க்கிங் லைட் லைனிலிருந்து இணைப்பு எடுக்கக் கூடாது.

எர்த் விஷயத்தில்தான் பெரிய தப்பு நடக்கிறது. எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். சில எலக்ட்ரீஷியன்கள் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். விளக்கு பச்சையாகும், எல்லோருக்கும் திருப்தி. மேலே எங்காவது நியூட்ரல் அறுந்தால் காரின் பாடியில் 230 வோல்ட் நிற்கும். டயர் ரப்பர் என்பதால் அது தரைக்குப் போகாமல் கதவைத் தொடுகிறவருக்காகக் காத்திருக்கும். பச்சை விளக்கை நம்பாமல், சார்ஜ் ஏறும்போது அதே லைனில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட் காட்டினால் இயல்பு. லோடு ஓடும்போதும் துல்லியமாகப் பூஜ்யம் காட்டினால், சாக்கெட்டைக் கழற்றி அந்தத் துண்டு வயர் இருக்கிறதா என்று பாருங்கள்.