அடையாள அட்டை நகலை வைத்து என் பெயரில் கடன்: கண்டுபிடிப்பதும் கணக்கை நீக்க வைப்பதும்

வாடகை வீட்டுக்காக ஒரு தரகரிடம் அடையாள அட்டையின் ஜெராக்ஸ் கொடுத்தேன். அந்த வீடு அமையவில்லை. நகலைத் திருப்பிக் கேட்டபோது கிழித்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். பல மாதங்கள் கழித்து ஒரு வசூல் ஏஜென்ட் போன் செய்து, நான் வாங்காத ஒரு கடனுக்குத் தவணை பாக்கி என்றார். அதற்குப் பிறகு நடந்ததை எழுதுகிறேன். இதே வழியில் ஏமாற்றப்படுகிறவர்கள் நிறையப் பேர், பெரும்பாலானவர்களுக்கு அது தெரியவே மாதக்கணக்கில் ஆகிறது.

முதலில் அந்த போன். இப்படி வரும் அழைப்பே மோசடியாகவும் இருக்கலாம். அதனால் அவர் அனுப்பும் லிங்கைத் தொடக்கூடாது, அவர் கொடுக்கும் எண்ணுக்கு மறுபடி பேசவும் கூடாது. பிறந்த தேதியையோ அட்டை எண்ணையோ "சரிபார்க்க" என்று கேட்டால் சொல்ல வேண்டாம். எந்த நிறுவனம், கடன் கணக்கு எண் என்ன, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்று, இது மிக முக்கியம்: "சின்னத் தொகைதானே, கட்டிவிட்டால் பிரச்சினை முடிந்துவிடும்" என்பார்கள். ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கட்டினால் கடன் உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள இடம் கொடுக்கிறீர்கள். அப்புறம் அதை மறுப்பது பல மடங்கு கடினம்.

உண்மை எங்கே தெரியும் என்றால் கடன் அறிக்கையில், அதாவது கிரெடிட் ரிப்போர்ட்டில். வங்கிகளும் கடன் நிறுவனங்களும் தங்கள் வாடிக்கையாளர் விவரங்களை அனுப்பும் மையம் பெரும்பாலான நாடுகளில் இருக்கிறது. இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். இலங்கையில் கிரிப், சிங்கப்பூரில் கிரெடிட் பீரோ சிங்கப்பூர், மலேசியாவில் மத்திய வங்கியின் சிசிஆர்ஐஎஸ். ஒன்றுக்கு மேல் மையம் உள்ள நாட்டில் எல்லாவற்றிலும் எடுங்கள். ஒரு கடன் எல்லா மையத்திலும் ஒரே நேரத்தில் ஏறும் என்று சொல்ல முடியாது. கிரெடிட் ஸ்கோரை மட்டும் காட்டும் ஆப் போதாது, முழு அறிக்கை வேண்டும்.

அறிக்கை கைக்கு வந்ததும் எல்லாரும் கடன் கணக்குகள் பகுதிக்குத்தான் போவார்கள். நான் மற்ற இரண்டு பகுதிகளை முதலில் பார்க்கச் சொல்வேன். ஒன்று, உங்கள் முகவரியும் போன் எண்களும் இருக்கும் தனிப்பட்ட விவரங்கள். கடன் கேட்ட ஆள் தனக்கு ஓடிபி வருவதற்காகத் தன் கையில் உள்ள எண்ணைத்தான் கொடுத்திருப்பார். அது உங்கள் பெயருக்குக் கீழே வந்து உட்கார்ந்திருக்கும். என் அறிக்கையில் நான் கேள்விப்படாத ஒரு போன் எண்ணும், நான் குடியிருக்காத ஒரு தெருவின் முகவரியும் இருந்தன. இரண்டாவது, என்கொயரி பகுதி. உங்கள் பெயரில் கடனுக்கு விண்ணப்பம் வந்து, ஒரு நிறுவனம் உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் அந்தத் தேதியும் நிறுவனத்தின் பெயரும் அங்கே பதிவாகும். கடன் கணக்கு அறிக்கையில் ஏற சில வாரங்கள் ஆகலாம், என்கொயரியோ உடனே தெரியும். நீங்கள் எதற்கும் விண்ணப்பிக்காத நாட்களில் அடுத்தடுத்து நான்கைந்து என்கொயரி இருந்தால், யாரோ கதவு கதவாகத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். மறுத்த நிறுவனங்களின் பெயரும் அதில் இருக்கும்.

இங்கே ஓர் இடறல் உண்டு. தெரியாத நிறுவனப் பெயர் எல்லாமே மோசடி அல்ல. தவணையில் போன் வாங்கியிருப்பீர்கள், கடையின் பெயரோ ஆப்பின் பெயரோ மனதில் இருக்கும். பின்னால் பணம் கொடுத்த நிதி நிறுவனத்துக்கு வேறு பெயர், அறிக்கையில் வருவது அதுதான். தேதியையும் தொகையையும் உங்கள் வங்கி ஸ்டேட்மெண்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தவில்லை என்று உறுதியான பிறகு புகாருக்குப் போங்கள்.

புகாரை அறிக்கையில் உள்ள நிறுவனத்துக்கே முதலில் அனுப்ப வேண்டும். தொடர்பு விவரத்தை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து எடுங்கள். போனில் பேசுவது பயன்படாது, எழுத்தில் இருக்க வேண்டும். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி: "இந்த எண்ணுள்ள கடனுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை, ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை, பணமும் என் கணக்குக்கு வரவில்லை. விண்ணப்பப் படிவம், பெறப்பட்ட அடையாள நகல், புகைப்படம், ஒப்பந்தத்தை உறுதி செய்த போன் எண், பணம் செலுத்தப்பட்ட வங்கிக் கணக்கு ஆகிய விவரங்களை எனக்குத் தரவும். விசாரணை முடியும் வரை வசூல் நடவடிக்கையை நிறுத்தவும்."

முதல் பதில் வாடிக்கையாளர் சேவையிலிருந்து வந்தது. நிலுவையைச் செலுத்திய பிறகே புகார் பதியப்படும் என்று இருந்தது. இது முறையற்ற பதில், ஆனால் பலருக்கும் இதே வார்த்தைகள்தான் வருகின்றன. பணம் கட்டுவது புகாருக்கு முன்நிபந்தனை ஆகவே முடியாது. அந்தப் பதிலை அப்படியே இணைத்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினேன். அதோடு காவல்துறையில் புகார் கொடுத்து, அந்த ரசீதின் நகலையும் சேர்த்தேன். ரசீது போனதும் பேச்சின் தொனி மாறியது. ஆவணங்கள் வந்தன.

அந்த அடையாள நகலைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். என் ஜெராக்ஸ்தான். தரகரிடம் கொடுக்கும் முன் கீழ் ஓரத்தில் "வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போட்டிருந்தேன், கொடுக்கும்போது அதைப் போனில் படமும் எடுத்து வைத்திருந்தேன். கடன் நிறுவனத்திடம் இருந்த படத்தில் அந்த வரி இல்லை. கீழ்ப்பக்கத்தை வெட்டியிருக்கிறார்கள். ஆனால் வெட்டிய விளிம்பை ஒட்டி நீல மையில் சில புள்ளிகள் மட்டும் மிச்சம் இருந்தன. என் எழுத்துகளின் மேல் வைத்த புள்ளிகள் அவை. போனில் இருந்த படத்தை அருகில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் அதே இடைவெளியில் பொருந்தியது. நான் எத்தனையோ இடங்களில் நகல் கொடுத்திருக்கிறேன், ஆனால் கசிந்தது எது என்பதில் இனி சந்தேகம் இல்லை. இரண்டு படங்களையும் அருகருகே வைத்து அச்செடுத்துக் காவல்துறைக்கும் நிறுவனத்துக்கும் கொடுத்தேன். பணம் போன வங்கிக் கணக்கு வேறொருவர் பெயரில் இருந்தது என்பதும் நிறுவனம் அனுப்பிய அதே ஆவணங்களில் தெரிந்தது. என் பக்கத்தை நிலைநாட்டியவை இந்த இரண்டும்தான்.

அதனால் நோக்கத்தையும் தேதியையும் பெறுபவரின் பெயரையும் நகலின் ஓரத்தில் எழுதாமல், புகைப்படத்தையும் எண்ணையும் தொட்டுக்கொண்டு குறுக்கே எழுதுங்கள். எழுத்து படிக்க முடிய வேண்டும், எண்ணை மறைத்துவிடக்கூடாது. ஒவ்வொரு இடத்துக்கும் வேறு வாசகம் இருந்தால், நாளை ஒரு நகல் கசிந்தாலும் எங்கிருந்து என்று தெரியும். கொடுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளும் கட்டத்தில்தான் கவனம் அதிகம் தேவை. "கணக்கை மூடிவிட்டோம்" என்று ஒரு வரியில் முடித்துவிடப் பார்ப்பார்கள். மூடப்பட்டது என்றாலும், செட்டில்ட் என்றாலும், அந்தக் கடன் உங்களுடையதாகவே அறிக்கையில் நிற்கும். செட்டில்ட் என்பது முழுத் தொகையையும் கட்டாமல் முடித்துக்கொண்டவர் என்ற அடையாளம், அடுத்த கடனுக்கு அது தடை. நீங்கள் கேட்க வேண்டியது நீக்கம். கணக்கு மோசடியாகத் தொடங்கப்பட்டது, உங்களுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை, கடன் தகவல் மையங்களிலிருந்து நீக்கச் சொல்லியாயிற்று என்ற மூன்றும் உள்ள கடிதம் வாங்குங்கள். கூடவே ஒவ்வொரு மையத்திலும் நீங்களே தனியாக ஆட்சேபம் பதியுங்கள். மையம் தானாக எதையும் திருத்தாது, கடன் கொடுத்த நிறுவனத்திடம் கேட்டு அதன் பதிலை வைத்தே திருத்தும். இந்தியாவில் இதற்கு 30 நாள் கெடு உண்டு. கடன் கணக்கை மட்டும் சொல்லாமல் அந்த என்கொயரிகளையும், வேற்று முகவரியையும், போன் எண்ணையும் சேர்த்து நீக்கக் கேளுங்கள். என் அறிக்கையில் முதலில் கடன் மட்டும் போயிற்று. முகவரி அப்படியே இருந்ததால் மறுபடி எழுத வேண்டியிருந்தது.

அறிக்கையை முடக்கி வைக்கும் வசதி உங்கள் நாட்டில் இருந்தால், மோசடி தெரிந்த அன்றே போடுங்கள். அமெரிக்காவில் இது 2018 முதல் சட்டப்படி இலவசம். முடக்கம் இருக்கும்போது புதிய நிறுவனம் உங்கள் அறிக்கையைப் பார்க்க முடியாது, அதனால் பெரும்பாலும் கடனும் கொடுக்காது. ஏற்கெனவே உள்ள கணக்குகளை அது தொடாது.

கடன் அறிக்கையில் தெரியாதவையும் இருக்கின்றன. உங்கள் பெயரில் வாங்கிய சிம் அதில் வராது. சாதாரண சேமிப்புக் கணக்கும் பொதுவாக வராது, மோசடிப் பணம் கைமாற அப்படி ஒரு கணக்கைத்தான் தேடுவார்கள். எத்தனை சிம் உங்கள் பெயரில் இருக்கிறது என்பதைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் கேளுங்கள். இந்தியாவில் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம், தெரியாத எண்ணை "என்னுடையது அல்ல" என்று அங்கேயே புகார் செய்யலாம். வருமான வரிக் கணக்கில் நீங்கள் வேலை பார்க்காத இடத்திலிருந்து சம்பளமோ, தெரியாத வங்கியிலிருந்து வட்டியோ காட்டினால், அந்த வங்கிக்கும் வரித்துறைக்கும் எழுத வேண்டும். ஆதார் சரிபார்ப்பு வரலாற்றில் எதுவும் இல்லையே என்று நிம்மதி அடையாதீர்கள். கைரேகை, ஓடிபி போன்றவற்றை வைத்து ஆன்லைனில் சரிபார்த்தது மட்டுமே அதில் வரும். காகித நகலை ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டால் அங்கே எந்தத் தடமும் விழாது.

புது அட்டை எடுத்தால் போதுமா என்று பலரும் கேட்கிறார்கள். பாஸ்போர்ட் போல எண் மாறும் ஆவணம் என்றால் மாற்றுவதில் பயன் உண்டு, பழைய எண் செல்லாமல் போகும். வாழ்நாள் முழுக்க ஒரே எண் என்றால் புது அட்டை எதையும் தடுக்காது.

நீக்கப்பட்ட பிறகும் சில மாதங்களுக்கு ஒரு முறை அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பழைய வாராக்கடன்களை மொத்தமாக வேறு வசூல் நிறுவனத்துக்கு விற்பார்கள், அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் பழையபடியே போயிருக்கலாம். எனக்கு அப்படி ஒரு அழைப்பு வந்தது. நிறுவனத்தின் கடிதத்தையும் காவல்துறை ரசீதையும் மின்னஞ்சலில் அனுப்பி, பெயரை நீக்கியதை எழுத்தில் உறுதி செய்யக் கேட்டேன். செய்தார்கள். அந்தக் கடிதத்தின் ஸ்கேனையும் அசலையும் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீங்களும் வையுங்கள், மறுபடி யாராவது கேட்டால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.