கோத்தகிரி வீட்டில் 6 வாரம்: அப்பாவின் பிக் லைன்

அப்பாவுக்கு முதுகெலும்பில் கிருமித் தொற்று. ரத்தக் கல்ச்சரில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வந்தது. செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம், தினம் ஒரு வேளை, 6 வாரம். காய்ச்சல் நின்றபின் கோவை டாக்டர் வீட்டுக்கு அனுப்பச் சம்மதித்தார். அதற்கு முன் அவர் கேட்டதெல்லாம் எங்களைப் பற்றித்தான்: கூடவே யார் இருப்பார்கள், போன் சிக்னல் உண்டா, ராத்திரி மலையிறங்க வண்டி கிடைக்குமா? கடைசிக் கேள்விக்குப் பக்கத்து வீட்டு ஜீப்காரரின் நம்பரைக் காட்டினோம்.

மருந்து ஏற்ற வலது மேற்கையில் நுழைத்த நீளக் குழாய்தான் பிக் லைன்; அதன் முனை இதயத்துக்குச் சற்று மேலே பெரிய ரத்தநாளத்தில் நிற்கும். மொத்த நீளம் 42 செ.மீ., வெளியே தெரிவது 2. இதைக் காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டச் சொன்னார் சிஸ்டர். கூடவே முழங்கைக்கு 10 செ.மீ. மேலே கையின் சுற்றளவும்: 26.

தினசரி வேலை பழகிவிட்டது. கை கழுவி, லைன் மூடியை ஸ்பிரிட் துணியால் 15 நொடி அழுத்தித் தேய்த்துக் காயவிடுவேன். பிறகு 10 மில்லி சலைனைக் கொஞ்சம் தள்ளி, நிறுத்தி, மறுபடி தள்ளுவேன். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் கூடி குழாய் கிழியலாம் என்பதால் 10 மில்லிக்குக் குறைந்தது வீட்டிலேயே இல்லை. மருந்து அரை மணி நேரம் சொட்டும். முடிந்ததும் மறுபடி சலைன். சிஸ்டர் வாரம் ஒருமுறை வந்து டிரெஸ்ஸிங் மாற்றி, ரத்தம் எடுத்துப் போவார்.

எங்கள் ஊர்க் குளிர்தான் யாரும் எச்சரிக்காத தொல்லை. ஸ்வெட்டர் கை உரசி டிரெஸ்ஸிங் ஓரம் கிளம்பியது. அம்மா வலது கைத் தையலைப் பிரித்து பட்டன் வைத்தார்.

மூன்றாம் வாரம் அப்பா, "தோள்ல ஏதோ கனமா இருக்குடா" என்றார். குளிர் பிடிப்பு என்று தைலம் எடுத்தேன். நல்லவேளை, டேப்பும் எடுத்தேன். 29. காய்ச்சல் இல்லை, லைனில் மருந்தும் தடையில்லாமல் இறங்கியது. ஆனாலும் சிஸ்டர் போனிலேயே, "தேய்க்காதீங்க தம்பி, இன்னைக்கே ஸ்கேன்" என்றார். டாப்ளர் ஸ்கேனில் அக்குள் பக்கத்து ரத்தநாளத்தில் ரத்தக்கட்டி.

லைனை உருவிவிடுவார்கள் என்றுதான் நினைத்தோம். முனை சரியான இடத்தில் இருக்கிறது, வேலை செய்கிறது, இன்னும் தேவைப்படுகிறது. எடுத்தால் மறுகையில் போட வேண்டும், அங்கேயும் கட்டி வரலாம் என்று விளக்கினார் டாக்டர். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, குறைந்தது 3 மாதம். சலைன் தள்ளிய கொஞ்ச நேரத்தில் உடம்பு உதறிக் குளிர் எடுத்தால் மட்டும் அது வேறு கதை, லைனுக்குள்ளேயே கிருமி, நேரே ஆஸ்பத்திரி என்றார். கோத்தகிரி டிசம்பரில் யாருக்குத்தான் நடுங்காது! அதனால் மருந்து நேரத்தில் தெர்மாமீட்டர் பக்கத்திலேயே இருந்தது.

43-ஆம் நாள் சிஸ்டர் லைனை மெதுவாக இழுத்து எடுத்தார். எடுத்த இடத்தை 10 நிமிடம் அழுத்திப் பிடிக்க என்னிடம் கொடுத்துவிட்டு, குழாயை டேப்பின் மேல் நீட்டி வைத்தார். 42. முழுசாக வந்திருந்தது.