கூம்புத் தகடு வரைதல்: டிவைடரை நம்பிய ஒன்பது வருஷம்

சுங்கை சிப்புட்டில் எங்கள் பட்டறைக்கு வருவது பெரும்பாலும் செம்பனை ஆலை வேலைதான். காற்றுக்குழாயில் பெரிய வாய் சின்ன வாயாகக் குறுகும் இடத்துக்கு மொட்டைக் கூம்பு ஒன்று செய்ய வேண்டியிருக்கும். அதைத் தகட்டில் விரித்து வரைய, தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் காட்டிய வழியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்: வாய் வட்டத்தைப் பன்னிரண்டு பங்காக்கு, ஒரு பங்கை டிவைடரில் எடு, வரைந்த பெரிய வில்லின் மேல் பன்னிரண்டு தடவை நடத்து.

சின்ன வேலைகளில் அது என்னை ஏமாற்றியதே இல்லை. 150 மி.மீ. வாயில் தவறு வந்தாலும் சுத்தியலும் வெல்டிங்கும் மறைத்துவிடும். மாட்டிக்கொண்டது, 600 மி.மீ. வாய் 300 ஆகக் குறுகும் 400 மி.மீ. உயரக் கூம்பில். 3 மி.மீ. தகடு, விட்டங்கள் தகட்டின் நடுக்கோட்டுக்கு எடுத்தவை. உருட்டி மூடினால் பெரிய வாய் 6 மி.மீ. சிறுத்து நின்றது. ஃபிளேஞ்சுக்குள் லொடலொடவென ஆடியது.

உருட்டியதில்தான் கோளாறு என்று இரண்டு நாள் தேடினேன். குற்றம் டிவைடரில் இருந்தது. அது அளப்பது நேர்கோடு, வளைவை அல்ல. ஒவ்வொரு பங்கிலும் கொஞ்சம் விழுங்கி, மொத்தச் சுற்றளவு 1885-க்குப் பதில் சுமார் 1866 ஆகிவிட்டது. 24 பங்காக்கினால் குறைவு ஐந்து மி.மீ.க்குள் அடங்கும், ஆனால் தீராது. வேடிக்கை என்னவென்றால், முன்பே மைலோ டப்பா அட்டையில் பத்தில் ஒரு பங்கு மாதிரி செய்து பார்த்திருந்தேன். அதில் இது இரண்டு மி.மீ.கூட இல்லை, கண்ணுக்கு எங்கே தெரியும்!

அதிலிருந்து கணக்குதான். இரண்டு ஆரங்களுக்கும் வித்தியாசம் 150, உயரம் 400, ஆகவே சாய்வு நீளம் 427.2. வாய் பாதியாகக் குறுகுவதால் முழுக் கூம்பின் உச்சி வரை அதைப்போல் இரு மடங்கு, 854.4. இவையே உள், வெளி வில்களின் ஆரங்கள். பெரிய வாயின் ஆரம் 300, ஆகவே விரியும் கோணம் பாகையில்:

360 × 300 ÷ 854.4 = 126.4

கோணமானியை வைத்துக் குறிக்காதீர்கள். இந்த ஆரத்தில் அரை பாகை பிசகினால் ஏழு மி.மீ. போய்விடும். நான் வெளி வில்லின் இரு முனைக்கும் இடையே நேராக 1525 மி.மீ. அளந்து குறிக்கிறேன். வெட்டுவதற்கு முன் வளைவின் மேல் மெல்லிய எஃகு நாடாவைப் படுத்தி 1885 வருகிறதா என்று பார்த்துவிடுவேன்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. 600 வாய் 560 ஆக மட்டும் குறுகினால் உச்சி ஆறு மீட்டர் தள்ளிப் போய்விடும். அவ்வளவு நீளக் காம்பஸுக்குப் பட்டறையில் இடம் இல்லை. அங்கே முக்கோணம் முக்கோணமாகப் பிரித்துத்தான் வரைகிறேன். சதுர வாய் வட்டமாகும் இணைப்புக்கும் அதே வழிதான். டிவைடர் அங்கே மறுபடி கைக்கு வரும், ஆனால் கடைசியில் சுற்றளவை நாடாவால் சரிபார்க்காமல் கத்தரியைத் தொடமாட்டேன்.